அடிபம்பில் கைப்பிடி ஆடியது, தண்ணீர் ஏறவில்லை: இரண்டு முறை பிரித்த கதை

நேற்றுக் காலை பம்பை அடித்தேன். இரண்டாவது அடியிலேயே தண்ணீர் வந்தது. இந்த இரண்டாவது அடித் தண்ணீருக்காக ஒரே பம்பை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை முழுதாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதல் முறை பிரித்தபோதே விடை என் கைக்குள் இருந்தது, அதை நான் பார்க்கத் தவறினேன். எங்கே தவறினேன் என்பதைத்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன்.

பம்பு இந்தியா மார்க் 2 வகை. கைப்பிடி, சங்கிலி, அதன் முனையில் 12 மில்லிமீட்டர் ராடு. ராடு 3 மீட்டர் நீளத் துண்டுகளாக ஒன்றோடொன்று திருகி, கீழே சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வரை போகிறது. அதைச் சுற்றி ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய், அதுவும் 3 மீட்டர் துண்டுகள். எங்கள் பம்பில் மொத்தம் 8 குழாய், அதாவது சிலிண்டர் 24 மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது. ஆழ்துளையில் தண்ணீர் நின்றது 15 மீட்டரில். நூலில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து அளந்தோம்.

தொடக்கத்தில் தொல்லை இப்படி இருந்தது. காலையில் நெடுநேரம் அடித்தால்தான் தண்ணீர் வரும். வந்த பிறகும் குடம் நிறையத் தாமதமாகும். அப்புறம் ஒருநாள் கைப்பிடி மட்டும் மேலும் கீழும் போனது, தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் மேல் மூடியைக் கழற்றிச் சங்கிலியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. சங்கிலியைத் தளர்த்தி ராடைக் கையால் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம் இருந்தது. 8 ராடும் சேர்ந்து ஏறத்தாழ 21 கிலோ வரும், அந்தக் கனம் கையில் தெரிந்தால் ராடு நடுவில் அறுபடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பாதியில் அறுந்திருந்தால் ராடு லேசாக மேலே வந்துவிடும், கைப்பிடியும் காற்றில் ஆட்டுவது போல இருக்கும். அடுத்து மேலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அடித்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சிலிண்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பம்புக்கு மேலே தண்ணீர் ஊற்றி ஆரம்பிக்க வேண்டிய தேவையே இல்லை. ஊற்றினால்தான் வருகிறது என்றால் குழாயில் நிற்கும் தண்ணீர் எங்கோ போகிறது என்று பொருள். அதை அப்போது நான் யோசிக்கவில்லை. வாஷர்தான் போயிருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு பாதி சரிதான். இந்த வேலையில் பல வருடம் பழகிய ஒரு அண்ணனும் இன்னொருவரும் துணைக்கு வந்தார்கள். முக்காலி, கப்பி, கயிறு, குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப், ராடைப் பிடிக்கும் சிறு வைஸ், 24 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டு. அரை நாளில் எட்டுக் குழாயையும் வெளியே எடுத்துவிட்டோம். சிலிண்டரைத் திறந்ததும் பிஸ்டனில் இருந்த இரண்டு தோல் வாஷரும் தெரிந்தன. கிண்ணம் போல மேல்நோக்கி நிற்க வேண்டிய தோலின் ஓரம் காகிதம் மாதிரி மெலிந்து, ஒரு பக்கம் கிழிந்து மடங்கியிருந்தது. மணல் உராய்ந்த கோடுகள் தோலில் நெடுக இருந்தன. சிலிண்டருக்குள் இருக்கும் பித்தளை உறையை விரலால் தடவிப் பார்த்தோம். வழவழப்பாக இருந்தது, நகத்தில் மாட்டும் அளவு கீறல் இல்லை. கீறல் ஆழமாக இருந்தால் புதுத் தோல் போட்டும் பயனில்லை, சில வாரத்தில் அதையும் தின்றுவிடும்.

புது வாஷர் இரண்டையும் முதல்நாள் இரவே எண்ணெயில் ஊற வைத்திருந்தேன். காய்ந்த தோலை அப்படியே மாட்டினால் ஓரம் விறைப்பாக நின்று சிலிண்டரில் நுழைக்கும்போதே மடங்கும். இரண்டுக்கும் கிண்ண வாய் மேலே பார்க்க வேண்டும். ஏனென்றால் மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான் அந்தத் தோலை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. கவிழ்த்துப் போட்டால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும்.

பிறகு சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, மேலிருந்து தண்ணீர் நிரப்பி, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் அடியில் தாங்கும் கீழ் வால்வில் சொட்டுகிறதா என்று பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வால்வு நன்றாக இருக்கிறது என்று எங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

திரும்பக் கோர்த்து இறக்கினோம். தண்ணீர் பொங்கி வந்தது. 40 முறை அடித்து அளந்தால் 15 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 125 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு அடிக்கு 0.4 லிட்டர், 40 அடிக்கு 16 லிட்டர் கிடைக்க வேண்டும். அதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே போதும் என்று மகிழ்ச்சியோடு கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் ஆர்வத்தில் எண்ணிக்கொண்டே அடித்தேன். 20 முறை அடித்த பிறகுதான் முதல் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாளும் 20 அல்லது 21. புதுத் தோல் இன்னும் பழகவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தவறு. தோல் ஊறி விரிவதால் கைப்பிடி முதல் நாட்களில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். இரவில் குழாய்த் தண்ணீர் இறங்குவதற்கும் தோலுக்கும் தொடர்பே கிடையாது. இரவில் தண்ணீரைத் தாங்கி நிற்பது கீழ் வால்வும் குழாயும்தான். கீழ் வால்வு சொட்டாது என்று நாங்களே பார்த்திருந்தோம். அப்படியானால் மிச்சம் குழாய் மட்டும்தான்.

மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் 20 அடிக்குத் தண்ணீர் வந்தது, ஆனால் நூல் போல. இரண்டு நாள் கழித்து அதுவும் நின்றது. கைப்பிடி வழக்கம்போல ஆடியது, தண்ணீர் இல்லை.

இந்த முறை எதையும் கழற்றும் முன் உட்கார்ந்து யோசித்தேன். கைப்பிடியின் கனம் முன்னைவிடக் குறைந்திருந்தது, ஆனால் வெறுமையாக இல்லை. 15 மீட்டர் தண்ணீரைத் தூக்கும்போது பிஸ்டன் மேல் விழும் சுமை ஏறத்தாழ 47 கிலோ. அதோடு ராடின் எடை. இப்போது அந்த 47 கிலோவில் பாதிகூட இருப்பதாகத் தெரியவில்லை. அதாவது பிஸ்டன் வேலை செய்கிறது, தண்ணீரைத் தூக்குகிறது, ஆனால் முழு உயரத்துக்குத் தூக்கவில்லை. பாதி வழியில் எங்கேயோ தண்ணீர் வெளியே போகிறது.

அண்ணன் வந்ததும் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பம்பின் அடியில் காதை வைத்துக்கொண்டு, "நீ அடி தம்பி" என்றார். அடித்தேன். பத்துப் பன்னிரண்டு அடி ஆனதும் கையைக் காட்டி என்னை அழைத்தார். காதை வைத்துக் கேட்டேன். ஆழ்துளைக்குள் தண்ணீர் சலசலவென்று விழும் சத்தம். அடிப்பதை நிறுத்தியதும் சிறிது நேரத்தில் அந்தச் சத்தமும் அடங்கியது. ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் இப்படிக் கேட்கும். கீழ் வால்வு கசிந்தால் அது தண்ணீருக்குள்ளேயே நடக்கும், சத்தம் வராது.

எந்த இணைப்பு என்பதை அந்த 20 அடி ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. குழாய்க்குள் ராடு அடைக்கும் இடம் போக, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 20 அடி என்றால் 8 லிட்டர். 8 லிட்டரை 0.9 ஆல் வகுத்தால் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரவில் தண்ணீர் 9 மீட்டர் வரை இறங்கி அங்கே நின்றிருக்கிறது, காலையில் அந்த 9 மீட்டரை நிரப்பத்தான் 20 முறை அடித்தேன். 9 மீட்டர் என்பது மூன்றாவது குழாயும் நான்காவது குழாயும் சேரும் இடம். கீழ் வால்வு கசிந்திருந்தால் தண்ணீர் 15 மீட்டர் மட்டம் வரை இறங்கியிருக்கும், அதை நிரப்ப 34 முறையாவது அடிக்க வேண்டியிருந்திருக்கும். வாஷர் தேய்ந்த பம்பில் இந்தக் கணக்கு உதவாது, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு ஏறுகிறது என்றே தெரியாது. எங்களுடையதில் தோல் புதிது என்பதால் எண்ணிக்கையை நம்ப முடிந்தது.

இங்கேதான் முதல் முறை பிரித்தபோது நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லா இணைப்பையும் கழற்ற ரெஞ்ச் போட்டு இருவர் தொங்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு இணைப்பு மட்டும் கையாலேயே கழன்றது. வேலை எளிதாகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அது எத்தனையாவது இணைப்பு என்றுகூட எண்ணி வைக்கவில்லை. திரும்பக் கோர்க்கும்போது, இரு குழாயைச் சேர்க்கும் பழைய கப்ளிங்கிலேயே, மரையைத் துடைக்கக்கூட இல்லாமல் இறுக்கிவிட்டேன்.

இரண்டாவது முறை பிரிக்கும்போது அண்ணன் கூடுதலாக ஒன்று செய்தார். குழாயைத் தூக்கும் கயிறு போக, ராடின் தலையிலும் தனியாக ஒரு கயிற்றைக் கட்டி முக்காலியில் சுற்றினார். குழாய் மேலே ஏற ஏற அந்தக் கயிற்றையும் ஒருவர் தளர விடாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. இது எதற்கு என்று கேட்டதற்கு, "பைப்பு விட்டாலும் ராடு விடக்கூடாது" என்றார்.

முதல் குழாய் ஒழுங்காக வந்தது. இரண்டாவதைப் பாதி தூக்கியபோது "டக்" என்று ஒரு சத்தம், கயிறு சட்டென்று லேசாகிவிட்டது. அதே நொடியில் ராடின் கயிறு விறைத்து முக்காலி ஒரு குலுக்கு குலுங்கியது. கீழே ஐந்து குழாயும் சிலிண்டரும் அறுந்து இறங்கிவிட்டன. ஆனால் அதிக தூரம் போகவில்லை. சிலிண்டர் சரிந்ததும் அதன் மேல்மூடி பிஸ்டனில் வந்து மாட்டிக்கொண்டது. பிஸ்டன் ராடில் இருக்கிறது, ராடு கயிற்றில் இருக்கிறது. குழாய், ராடு, சிலிண்டர் எல்லாம் சேர்த்து 80 கிலோவுக்குக் குறையாத எடை அந்த 12 மில்லிமீட்டர் ராடில் தொங்கியது. ராடைச் சும்மா விட்டிருந்தால் அத்தனையும் துளையின் அடியில் போய் நின்றிருக்கும். அதன் பிறகு கொக்கி போட்டுத் தேடுவது நாள்கணக்கான வேலை, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அதற்குப் பின் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மேலே எஞ்சியிருந்த இரண்டு குழாயில் ஒன்றைக் கழற்றிச் சற்றுத் தூக்கி, நடுவில் தெரியும் ராடை வைஸில் கடிக்க வைத்து, எடை வைஸுக்கு வந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகே கயிற்றை அவிழ்த்து, மேல் ராடையும் குழாயையும் எடுத்தோம். அடுத்ததற்கும் அப்படியே. கடைசிக் குழாய் வெளியே வந்ததும் துளை வாயில் இரும்புப் பலகையை வைத்து, அதன்மேல் வைஸ் உட்கார, ராடை மட்டும் பிடித்து இழுத்தோம். இரண்டு ராடு நீளம் ஏறியதும் உடைந்த குழாயின் தலை வெளியே தெரிந்தது. அதன் கழுத்தில் கிளாம்பைப் போட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. இந்த நேரம் முழுதும் துளை வாயைச் சாக்கால் மூடியே வைத்திருந்தோம். ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிப் பெரிய தொல்லை கொடுக்கும்.

உடைந்த இடம் நான்காவது குழாயின் மேல் மரை. கப்ளிங் மூன்றாவது குழாயோடு வந்திருந்தது, அதற்குள் உடைந்த மரைத் துண்டு வளையம் போல உட்கார்ந்திருந்தது. உடைப்பின் வாயைப் பார்த்தால் நடந்தது புரிந்தது. சுற்றளவில் முக்கால்வாசி பழுப்பும் கறுப்புமாகத் துரு ஏறியிருந்தது, கால்வாசி மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது. பழுப்புப் பகுதி பல நாளாக விரிந்து கிடந்த விரிசல். பளிச்சென்ற பகுதி அன்று தூக்கும்போது அறுந்தது.

மரை வெட்டிய இடத்தில்தான் குழாய் மிக மெல்லியது. 3 மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள சுவரில் மரையே ஒன்றரை மில்லிமீட்டர் தின்றுவிடுகிறது. கைப்பிடியை அடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரின் சுமை ராடுக்கும் குழாய்க்குமாக மாறி மாறிப் போகிறது. பிஸ்டன் ஏறும்போது ராடு தாங்குகிறது, இறங்கும்போது கீழ் வால்வு வழியாகக் குழாய் தாங்குகிறது. இணைப்பு இறுக்கமாக இருந்தால் கப்ளிங் முழு மரையிலும் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தளர்ந்திருந்தால் குழாய் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே துளி அசையும், முதல் இரண்டு மூன்று மரையே எல்லாவற்றையும் தாங்கும், கசியும் தண்ணீர் அங்கேயே துருவும் ஏற்றும். விரிசல் முதலில் வந்ததா தளர்வு முதலில் வந்ததா என்றால், தளர்வுதான் என்பேன். முதல் முறை கையால் கழன்றதே அதற்குச் சாட்சி.

உடைந்த நுனியை வெட்டிவிட்டுப் புது மரை போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணன் தடுத்தார். குழாய் 10 சென்டிமீட்டர் குறைந்தால் சிலிண்டர் அவ்வளவு மேலே வந்துவிடும். ராடு பழைய நீளத்திலேயே இருக்கும், பிஸ்டன் சிலிண்டரின் அடியில் போய் இடிக்கும். மேல் ராடையும் அதே அளவு வெட்டி மரை போட்டால்தான் சரியாகும். மேலும் அந்தக் குழாயின் மற்ற முனையும் அதே வயதுதான். எனவே ஒரு புதுக் குழாய்.

இந்த முறை எட்டுக் குழாயின் பதினாறு முனைகளையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். புதுக் கப்ளிங் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முனையிலும் திருகிப் பார்த்தேன். நல்ல மரையில் கையால் மூன்று நான்கு சுற்றுப் போய் நின்றுவிடும், மேற்கொண்டு ரெஞ்ச் கேட்கும். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனால் மரை தேய்ந்துவிட்டது. குழாய் முனைகள் எல்லாம் தேறின. பழைய கப்ளிங்குகளை நல்ல மரையில் திருகியபோதுதான் மூன்று தேறவில்லை. அவற்றை மாற்றினேன். பழைய குழாய்களின் மரைப் பள்ளத்தில் ஊசியால் கீறியும் பார்த்தேன், விரிசல் இருந்தால் ஊசி அதில் மாட்டும். எதிலும் மாட்டவில்லை. மரையில் சணல் சுற்றி, இணைப்புப் பசை தடவி, இரண்டு ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கினோம். ஒவ்வொரு குழாயிலும் பெயிண்டால் எண் எழுதினேன். தரையில் கிடந்த குழாய்களைக் கழுவி இறக்கினோம். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஒரு இரவு விட்டு, வாடை போகும்வரை அடித்து வெளியேற்றினோம்.

வாஷரையும் திறந்து பார்த்தேன், மூன்று வாரத்தில் ஓரம் சீராகப் படிந்திருந்தது. மாற்றவில்லை.

செலவு என்று பார்த்தால் முதல் முறை ஒரு ஜோடி வாஷர், மூன்று பேரின் அரை நாள். இரண்டாவது முறை ஒரு குழாய், மூன்று கப்ளிங், சணல், பசை, மூன்று பேரின் முழு நாள். அந்த மூன்று கப்ளிங்கை முதல் முறையே மாற்றி, கையால் கழன்ற இணைப்பை உற்றுப் பார்த்திருந்தால் இரண்டாவது நாளே தேவைப்பட்டிருக்காது. மார்க் 3 வகையில் குழாய் அகலமானது, 65 மில்லிமீட்டர். பிஸ்டனை ராடோடு மேலே இழுத்தே வாஷர் மாற்றிவிடலாம், குழாயைத் தொட வேண்டாம். வேலை எளிது. ஆனால் அந்த வகையில் குழாய் இணைப்புகளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அரிதாகத்தான் வரும். அங்கே காலையில் எண்ணுவது இன்னும் முக்கியம்.

அடுத்த முறை பிரிக்கும்போது கழற்றும் ஒவ்வொரு இணைப்பும் எத்தனை பலத்துக்குக் கழன்றது என்று குழாய் எண்ணோடு சேர்த்துச் சுண்ணக்கட்டியால் குறிப்பேன். ராடுக்குத் தனிக் கயிறு, பம்பு எந்த நிலையில் இருந்தாலும், முதல் குழாயிலிருந்தே. இப்போது பம்பு மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, வாரம் ஒருமுறை காலையில் எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எழுதி வருகிறேன். முதல் வாரம் 2, நேற்றும் 2.